ஏ.ஐ.எஸ்.ஸில் 13.40 லட்சம் ரொக்கமும் 88 லட்சம் வீட்டு விற்பனையும்: வங்கிக் கணக்கோடு பொருத்திப் பார்ப்பது எப்படி?

கேள்வி: நான் தேவகோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 63. 2024-25ஆம் நிதியாண்டுக்கு ஓய்வூதியம் 5,80,000, வட்டி 40,000 என்று காட்டிக் கடந்த ஜூலையிலேயே ரிட்டர்ன் போட்டுவிட்டேன். வரி எதுவும் வரவில்லை. இப்போது வருமான வரித் துறையிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏ.ஐ.எஸ்.ஸைத் திறந்தால் ரொக்க வைப்பு 13,40,000, வீடு விற்பனை 88,00,000, வைப்பு நிதி 20,00,000 என்று என் பெயரில் இருக்கிறது. அந்த ஆண்டில் மகள் திருமணம் நடந்தது, பூர்வீக வீட்டைச் சகோதரர்கள் நால்வரும் சேர்ந்து விற்றோம். ஆனால் என் பாஸ்புக்கில் இவ்வளவு பணம் வரவே இல்லையே? இரண்டு கணக்குகளின் அறிக்கைகளையும் மற்றக் காகிதங்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

ஐயா, நீங்கள் அனுப்பிய காகிதங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். உங்கள் பெயரில் காட்டப்பட்டுள்ள 1,21,40,000 ரூபாயில் பெரும்பகுதி உங்கள் வருமானமே அல்ல. ஆனால் துறை கேட்காத ஓர் இடத்திலும், நீங்கள் வருமானம் என்று நினைக்காத ஓர் இடத்திலும் உண்மையான விடுபடல் இருக்கிறது. ஏ.ஐ.எஸ்.ஸைக் கையில் வைத்துக்கொண்டு அதிலுள்ள பதிவுகளுக்கு மட்டும் பதில் தேடினால் இந்த இரண்டில் ஒன்று கண்ணில் படாமலே போய்விடும். ஆகையால் ஒப்பீட்டை வங்கி அறிக்கையிலிருந்து தொடங்குங்கள், ஏ.ஐ.எஸ்.ஸுக்கு அதன் பிறகு வரலாம்.

பாஸ்புக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரையிலான முழு அறிக்கையை வங்கியில் கேட்டு வாங்கச் சொல்வது என் வழக்கம். பல மாதம் பதிவு செய்யாமல் விட்ட பாஸ்புக்கில் சில வங்கிகள் பல வரவுகளைத் திரட்டி ஒரே வரியாக அச்சிட்டுவிடும். அந்த வரியை வைத்துக்கொண்டு எந்த நாளில் எந்தப் பணம் வந்தது என்று சொல்ல முடியாது. நீங்கள் முழு அறிக்கையையே அனுப்பியிருப்பதால் வேலை எளிதாயிற்று. அதில் ஒவ்வொரு ரொக்க வரவுக்கும் எதிரே நான்கு விவரங்களைப் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்: பணம் எங்கிருந்து வந்தது, அது யாருடையது, அதற்குக் காகிதம் உண்டா, ரிட்டர்னில் எந்த இடத்தில் வர வேண்டும்.

முதலில் ரொக்கம். ஏ.ஐ.எஸ்.ஸில் SFT-004 என்ற குறியீட்டுடன் வந்திருக்கும் 13,40,000 ரூபாய் என்ற எண்ணை வங்கி உங்கள் ஒரே கணக்கிலிருந்து கூட்டிச் சொல்லவில்லை. நடப்புக் கணக்கையும் வைப்பு நிதியையும் தவிர்த்து, ஒரே நபர் ஒரு நிதியாண்டில் தன் கணக்குகளில் செலுத்திய ரொக்கம் எல்லாம் சேர்ந்து 10 லட்சமோ அதற்கு மேலோ ஆனால் வங்கி துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி 114E. உங்களுக்கு அதே வங்கியில் இரண்டு சேமிப்புக் கணக்குகள் இருக்கின்றன. நீங்களும் அம்மாவும், அதாவது உங்கள் மனைவியும், சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுக் கணக்கில் 9,76,000, உங்கள் தனிக் கணக்கில் 3,64,000. எதுவும் தனித்தனியே 10 லட்சத்தைத் தொடவில்லை, கூட்டினால் 13,40,000 ஆகிறது. நீங்கள் ஒரு பாஸ்புக்கை மட்டும் புரட்டிப் பார்த்ததால்தான் 'இவ்வளவு வரவில்லையே' என்று தோன்றியிருக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள்: ஒரு கணக்கு இரண்டு பேர் பெயரில் இருந்தால் முழுத் தொகையையும் இருவர் பெயரிலும் காட்டும்படி அதே விதி சொல்கிறது, பாதிப் பாதியாகப் பிரிக்கச் சொல்வதில்லை. எனவே கூட்டுக் கணக்கின் ரொக்கம் அம்மாவின் பான் எண்ணிலும் ஏறியிருக்க வாய்ப்புண்டு, அவர்களுடைய ஏ.ஐ.எஸ்.ஸையும் இன்றே திறந்து பார்த்துவிடுங்கள்.

இனி இந்த 13,40,000 ரூபாயை உடைப்போம். கூட்டுக் கணக்கில் ஜூலை 2ஆம் தேதி 2,60,000 ரொக்கமாக வந்திருக்கிறது. அதே கணக்கிலிருந்து ஜூன் 10ஆம் தேதி நீங்கள் 3,00,000 எடுத்திருக்கிறீர்கள், அறுவைச் சிகிச்சைக்காக எடுத்தது தேதி தள்ளிப்போனதால் திரும்பக் கட்டப்பட்டது என்று குறிப்பும் எழுதியிருக்கிறீர்கள். எடுத்ததற்கும் கட்டியதற்கும் இடையில் 22 நாள்தான், தொகையும் எடுத்ததைவிடக் குறைவு, மருத்துவமனையில் தேதி மாற்றிக் கொடுத்த சீட்டும் இருக்கிறது. இது நிற்கும். இதே விளக்கத்தை எட்டு மாத இடைவெளிக்குச் சொன்னால், 'அதுவரை அந்தப் பணம் எங்கே இருந்தது, ஏன் கையில் வைத்திருந்தீர்கள்' என்ற கேள்வி எழும். ஒரே எடுப்பை இரண்டு வரவுகளுக்குக் காரணமாகக் காட்டிவிடுவதும் அடிக்கடி நடக்கும் பிழை. அதைத் தவிர்க்க, எடுத்த தொகைக்கு நேரே எந்த வரவுக்கு அது போயிற்று என்று எழுதி அடித்துவிடுங்கள்.

அடுத்தது மொய். செப்டம்பரில், திருமணம் முடிந்த வாரத்தில், மூன்று தவணையாக 5,70,000 கூட்டுக் கணக்கில் கட்டியிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் மொய் முழுவதையும் பெண்ணைப் பெற்றவர் அல்லது பிள்ளையைப் பெற்றவர் கணக்கில் வைப்பதுதான் வழக்கம். பின்னால் அதைத் திருப்பிச் செய்ய வேண்டியவரும் அவர்தான். ஆனால் வருமான வரிச் சட்டம் இதை வேறு விதமாகப் பார்க்கிறது. திருமணத்தின்போது பெறும் அன்பளிப்புக்கு வரி இல்லை என்று பிரிவு 56(2)(x) சொல்லும் விலக்கு, திருமணம் செய்துகொள்பவருக்கு மட்டும் உரியது. பெற்றோருக்கு அந்த விலக்கு இல்லை. பெற்றோர் தம் பெயரிலேயே வாங்கியதாகக் கொண்டால், உறவினர் அல்லாதவர் கொடுத்த தொகை ஓராண்டில் எல்லாம் சேர்ந்து 50,000 ரூபாயைத் தாண்டியதும் அது முழுவதும் வருமானமாகிவிடும், தாண்டிய பகுதி மட்டும் அல்ல. இங்கே 'உறவினர்' என்பது நம் வீட்டு உறவுமுறை அன்று. கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தோர், அவர்தம் துணைவர், பெற்றோரின் உடன்பிறந்தோர், மனைவியின் உடன்பிறந்தோர், நேர் மேல்வழி கீழ்வழியினர் என்று சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பெரியப்பா மகன் அதில் இல்லை. உங்களுக்கு நீங்கள் வளர்த்த மருமகன் கொடுத்தால், அவர் உங்களுடைய உடன்பிறந்தாளின் மகன் என்றால், அவரும் இல்லை; அதே மருமகனுக்கு நீங்கள் கொடுத்தால் நீங்கள் மாமன் என்பதால் பட்டியலுக்குள் வந்துவிடுகிறீர்கள். பங்காளிகள் பெரும்பாலும் வெளியேதான் நிற்கிறார்கள்.

உங்களைப் பொறுத்தவரை நிலைமை இவ்வளவு இறுக்கமானதன்று. நீங்கள் அனுப்பியிருக்கும் மொய் நோட்டின் தலைப்பில் மகள் பெயரும் திருமணத் தேதியும் இருக்கின்றன, மொத்தம் 6,85,000 என்று கூட்டி எழுதியிருக்கிறது. சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் அதிலிருந்தே கொடுத்ததுபோக மீதிதான் வங்கிக்கு வந்திருக்கிறது, நோட்டின் மொத்தம் வங்கி வரவைவிடக் குறையவில்லை. எனவே இது மகளுக்குத் திருமணத்தின்போது வந்த அன்பளிப்பு, நீங்கள் அவருக்காகப் பெற்று வைத்தீர்கள் என்ற நிலை உண்மையானால் அதையே சொல்லுங்கள். அந்தப் பணத்தை மகள் கணக்குக்கு மாற்றியிருந்தால் அந்த வரவு எண்ணையும், மகள் உங்களிடமே விட்டுவிட்டிருந்தால் அவர் அப்படி விட்டுவிட்டதாக ஒரு கடிதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; மகள் தந்தைக்குக் கொடுப்பது உறவினர் கொடை என்பதால் அதற்கும் வரி இல்லை. கடிதத்தில் இன்றைய தேதியைப் போடுங்கள். பழைய தேதியிட்டு எழுதுவதைவிடப் பெரிய தவறு இதில் வேறில்லை. மொய் நோட்டைச் சரிபார்க்கும் அதிகாரி இரண்டு மூன்று பெயர்களைப் பொறுக்கி அவர்களையே கேட்கலாம், நோட்டு ஒரே மையில் ஒரே உட்காரலில் எழுதப்பட்டதா என்பதையும் பார்ப்பார். உங்கள் நோட்டில் நான்கு கையெழுத்துகள், அடித்தல் திருத்தல், ஊர்வாரியாகப் பிரித்த பக்கங்கள் என்று எல்லாம் இருப்பது எனக்கு நிம்மதியாகவே இருந்தது. எவரும் ஒரே நிகழ்ச்சிக்கு ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ கொடுத்திருக்கவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். கொடுத்திருந்தால் பிரிவு 269STஇன்படி வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரக்கூடும். (திருமணமே இல்லாமல், ஆடியில் பேராவூரணிப் பக்கம் நடக்கும் மொய் விருந்துக்கு இந்த விலக்கைச் சொல்ல முடியாது. காதணி விழாவுக்கும் புதுமனைப் புகுவிழாவுக்கும் அப்படியே.)

கூட்டுக் கணக்கில் எஞ்சிய 1,46,000 ரூபாய் பதினொரு சிறிய வரவுகளாக வந்திருக்கிறது. வங்கிச் செலுத்துச் சீட்டுகளில் அம்மாவின் கையொப்பம் இருப்பதாகவும், அது அவர்கள் வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் மணகோலமும் செய்து வெளியூர்களுக்கு அனுப்பி வந்த பணம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது அவர்கள் வருமானம். கூட்டுக் கணக்கில் விழுந்துவிட்டதால் உங்களுடையதாகிவிடாது. செலவைக் கழிக்காமலே பார்த்தாலும் 1,46,000 ரூபாய், அந்த ஆண்டுக்கான புதிய வரி முறையின் 3 லட்ச வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆர்டர் எழுதிய நோட்டையும் அந்தச் சீட்டுகளின் அடிக்கட்டையையும் பத்திரப்படுத்தினால் போதும்.

தனிக் கணக்குக்கு வருவோம். 1,80,000 ரூபாய் வீட்டை விற்கும் முன் உள்ளே இருந்த பித்தளை அண்டாக்கள், மரப்பெட்டிகள், நாற்காலிகள் ஆகியவற்றைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடை ஒன்றுக்குக் கொடுத்ததில் உங்கள் பங்கு. வீட்டார் புழங்கிய அசையும் பொருள்கள் 'சொந்த உபயோகப் பொருள்' என்ற வகையில் மூலதனச் சொத்துக் கணக்கிலிருந்தே நீங்கிவிடுவதால் இதற்கு ஆதாய வரி இல்லை. ஆனால் இந்த விலக்கு நகைக்கும், ஓவியத்துக்கும், சிற்பத்துக்கும், வேறெந்தக் கலைப்பொருளுக்கும் கிடையாது. கடைக்காரர் கொடுத்த ரசீதில் தஞ்சாவூர்ப் படம் எதுவும் இல்லை என்பதால் உங்களுக்குச் சிக்கலில்லை. இருந்திருந்தால் அந்த ஒரு வரியைப் பிரித்து மூலதன ஆதாயம் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

அதே கணக்கில் மாதந்தோறும் ஐந்தாம் தேதிக்கும் எட்டாம் தேதிக்கும் நடுவே சரியாக 12,000 வந்துகொண்டே இருக்கிறது, பன்னிரண்டு முறை, மொத்தம் 1,44,000. குறிப்பில் 'கடை வாடகை' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். துறை கேட்காத இடம் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். வாடகைக்காரர் தனிநபர், மாதம் 50,000 ரூபாய்க்கு மிகக் கீழே கொடுக்கிறார், அதனால் அவர் வரி பிடித்துக் கட்டவில்லை, ஏ.ஐ.எஸ்.ஸில் 'வாடகை' என்ற பெயரில் எந்தப் பதிவும் ஏறவில்லை. ஏ.ஐ.எஸ்.ஸில் இல்லை என்பதால் வருமானம் இல்லை என்றாகாது. இது ரிட்டர்னில் வீட்டுச் சொத்து வருமானமாக வந்திருக்க வேண்டும். 30 சதவீதம், அதாவது 43,200 ரூபாய் நிலைக்கழிவு போக 1,00,800 வரிக்கு உட்பட்டது. நகராட்சிக்குச் சொத்து வரி கட்டிய ரசீது இருந்தால் அதையும் முதலில் கழித்துக்கொள்ளலாம்.

எஞ்சியது 40,000. பிப்ரவரியில் ஒரே வரவு, எதிரே உங்கள் குறிப்பு 'நினைவில்லை'. இப்படி ஒன்று இருப்பதை நான் குறையாக நினைக்கவில்லை, எல்லாமே பொருந்திவிடும் கணக்கைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும். மாதம் 25,000 ஏ.டி.எம்.மில் எடுத்திருக்கிறீர்கள், அதில் மிச்சம் பிடித்தது என்று சொல்லலாம்தான். ஆனால் அதே எடுப்புகளில்தான் குடும்பச் செலவும் நடந்திருக்கிறது. திருமணம் நடந்த ஆண்டில் 40,000 மிஞ்சியது என்பது எவ்வளவு ஏற்கத்தக்கது என்பதை நீங்களே யோசியுங்கள். வந்த வழியைச் சொல்ல முடியாத பணத்துக்கு, இந்த ஆண்டுக்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 69Aஉம் 115BBEஉம் சேர்ந்து 60 சதவீத வரியும், அதன்மேல் 25 சதவீத மேல்வரியும், 4 சதவீதத் தீர்வையும் போடுகின்றன. கூட்டிப் பார்த்தால் நூற்றுக்கு 78. 40,000 ரூபாய்க்கு அது 31,200. ஆகவே ஒரு மாலை நேரத்தை இதற்கென்று ஒதுக்கி, பிப்ரவரி மாத நாட்காட்டியையும் கைப்பேசியையும் புரட்டிப் பாருங்கள். கைமாற்றாகக் கொடுத்தது திரும்பி வந்ததா, சீட்டுப் பணமா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரியவில்லையென்றால் பொய்யான காரணம் ஒன்றை ஒட்ட வேண்டாம்.

இப்போது வீடு. SFT-012 என்று காட்டியிருக்கும் 88,00,000 ரூபாயைத் தெரிவித்தவர் சார்பதிவாளர். 30 லட்சமோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தை வாங்கினாலும் விற்றாலும் அவர் தெரிவிக்க வேண்டும், கூட்டுக் கணக்கைப் போலவே இங்கும் பத்திரத்தில் விற்பவராகக் கையெழுத்திட்ட ஒவ்வொருவர் பெயரிலும் முழு விலை ஏறிவிடுகிறது. உங்கள் அண்ணன், தம்பிமார் மூவர் ஏ.ஐ.எஸ்.ஸிலும் இதே 88 லட்சத்தைப் பார்க்கலாம். உங்கள் பங்கு நான்கில் ஒன்று, 22,00,000. வங்கி அறிக்கையில் நவம்பர் 27ஆம் தேதி வந்திருப்பதோ 21,78,000. குறைந்த 22,000 எங்கே போயிற்று என்றால், வாங்கியவர் பிரிவு 194IAஇன்படி 1 சதவீதம் பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்டியிருக்கிறார். ஏ.ஐ.எஸ்.ஸில் TDS பகுதியில் TDS-194IA என்ற பதிவில் 22,00,000 விற்பனைத் தொகையும் 22,000 வரியும் தனியாக இருப்பதைக் காண்பீர்கள். எனவே ஒரே விற்பனை ஏ.ஐ.எஸ்.ஸில் ஒருமுறை 88 லட்சமாகவும் இன்னொருமுறை 22 லட்சமாகவும் நிற்கிறது, வங்கியில் 21.78 லட்சமாக நிற்கிறது. மூன்றும் ஒன்றே. இவற்றைக் கூட்டிப் பார்த்துப் பதறியவர்களையும், முன்னதை மறுத்துவிட்டுப் பின்னதையும் மறந்து 22,000 ரூபாயைத் திரும்பப் பெறாமல் விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பூர்வீகச் சொத்து விற்ற பணம் வருமானமில்லை என்று நீங்கள் எண்ணியதுதான் பெரிய விடுபடல். வாரிசாக வீடு கிடைத்தபோது வரி இல்லை. விற்கும்போது மூலதன ஆதாயம் உண்டு. வீடு தாத்தா கட்டியது என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் மதிப்பீட்டாளர் முழு வீட்டுக்கும் 20,00,000 என்று எழுதியிருக்கிறார், அது அன்றைய பத்திரப்பதிவு மதிப்பைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் அவர் அறிக்கையிலேயே பார்த்திருக்கிறார். உங்கள் பங்குக்கு 5,00,000. பணவீக்கக் குறியீடு சேர்க்காமல் பார்த்தால் ஆதாயம் 17,00,000, அதற்கு 12.5 சதவீதம் 2,12,500. 2024 ஜூலை 23க்கு முன்பே கையில் இருந்த நிலம், கட்டடத்துக்கு, இங்கே வசிக்கும் தனிநபர் குறியீடு சேர்க்கும் பழைய முறையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2001-02க்கு 100 என்றால் 2024-25க்கான குறியீடு 363. ஐந்து லட்சம் 18,15,000 ஆகிறது, ஆதாயம் 3,85,000, 20 சதவீத வரி 77,000. எது குறைவோ அதற்கு மேல் வரி வசூலிப்பதில்லை என்பதால் உங்களுக்கு 77,000. பத்திர விலை வழிகாட்டி மதிப்பைவிடக் குறைவாக இருந்தால் இந்தக் கணக்கு மாறக்கூடும், உங்கள் பத்திரத்தில் அந்தக் குறைவு இல்லை.

SFT-005 காட்டும் 20,00,000 ரூபாயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நவம்பரில் வந்த 21,78,000 ரூபாயிலிருந்து டிசம்பர் 16ஆம் தேதி மாற்றிப் போட்ட வைப்பு நிதி அது. பணம் வந்த வழியன்று, போன வழி. ஆனால் அதன் வட்டி வேறு. முதிர்வில் தருவதாகச் சொன்ன வைப்பு நிதி என்பதால் வட்டி உங்கள் சேமிப்புக் கணக்கில் விழவில்லை, நீங்களும் சேர்க்கவில்லை. மார்ச் 31 வரை சேர்ந்த 38,000 ரூபாயை வங்கி SFT-016இல் தெரிவித்திருக்கிறது, அதை இந்த ஆண்டே காட்டிவிடுங்கள்.

எல்லாம் சேர்த்துப் பார்ப்போம். ஓய்வூதியத்தில் 75,000 நிலைக்கழிவு போக 5,05,000, வட்டி 40,000உம் 38,000உம் சேர்ந்து 78,000, வாடகை 1,00,800. மொத்தம் 6,83,800. இதற்கு மட்டும் என்றால் 7 லட்சத்துக்குள் என்பதால் தள்ளுபடியில் வரி இல்லாமல் போயிருக்கும். ஆனால் ஆதாயமும் சேர்ந்தால் மொத்த வருமானம் 7 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது, தள்ளுபடி போய்விடுகிறது. ஆகவே 3 லட்சத்துக்கு மேற்பட்ட 3,83,800க்கு 5 சதவீதம், 19,190 ரூபாய், புதிதாக எழுகிறது. இதை 77,000 உடன் கூட்டி, 4 சதவீதத் தீர்வை சேர்த்தால் 1,00,038. பிடித்த 22,000 போகக் கட்ட வேண்டியது சுமார் 78,040 ரூபாய். உங்களுக்கு 60 வயது கடந்துவிட்டது, தொழில் வருமானமும் இல்லை. எனவே முன்கூட்டிய வரி கட்டும் கடமை இல்லை, அதைச் சார்ந்த வட்டியும் வராது. முதல் ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டது இங்கே கைகொடுக்கிறது.

நீங்கள் முன்பு போட்டது ஐ.டி.ஆர். 1. வீடு விற்ற ஆதாயத்தை அதில் காட்ட இடமில்லை. திருத்திய ரிட்டர்னை ஐ.டி.ஆர். 2இல் போட வேண்டும். 2024-25க்குத் திருத்தக் கெடு 2025 டிசம்பர் 31. அதைத் தவறவிட்டால் மேம்படுத்திய ரிட்டர்ன் என்ற வழி இருக்கிறது, ஆனால் முதல் 12 மாதத்துக்குள் போட்டாலே வரியின்மேல் 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். இரண்டு வாரத்தில் முடிகிற வேலைக்கு அது தேவையில்லாத செலவு.

ரிட்டர்னைத் திருத்திய பிறகுதான் ஏ.ஐ.எஸ்.ஸில் கருத்துப் பதிவு செய்யுங்கள். Services என்ற பட்டியலில் Annual Information Statement (AIS) என்பதைத் திறந்தால் ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே அதற்கான பொத்தான் இருக்கும். ரொக்க வைப்புக்கு Information is correct என்றே கொடுங்கள். பணம் கட்டப்பட்டது உண்மை. வருமானமா இல்லையா என்பது அங்கே கேள்வியே அல்ல. பலர் பயத்தில் Information is denied என்பதை அழுத்திவிடுகிறார்கள். அந்தப் பதில் இப்போது தகவல் தந்த வங்கிக்கே உறுதிப்படுத்துவதற்காகப் போகிறது, வங்கி 'ஆம், கட்டினார்' என்றதும் மறுத்தவர் பொய்யராகிவிடுகிறார். அம்மாவின் 1,46,000 ரூபாயைப் பிரித்துக் காட்ட வேண்டுமே என்று அதில் கைவைக்கவும் வேண்டாம், முழுத் தொகையும் இருவர் பெயரிலும் வருவது விதியின்படிதான். பிரிவினை உங்கள் ஒப்பீட்டுத் தாளில் இருந்தால் போதும்.

வீட்டு விற்பனைக்கு மட்டும் Information is not fully correct என்று கொடுத்து 22,00,000 என்று எழுதுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் என்ன என்று கேட்கலாம். தப்பிய வருமானம் 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்று துறை கருதினால், மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து 5 ஆண்டு 3 மாதம் வரை கணக்கை மீண்டும் திறக்க நோட்டீஸ் விடலாம். அதற்குக் குறைவு என்றால் 3 ஆண்டு 3 மாதத்தோடு சரி. உங்கள் பெயரில் 88 லட்சம் மறுப்பின்றி நிற்பதற்கும் 22 லட்சம் நிற்பதற்கும் அங்கே வேறுபாடு உண்டு. சகோதரர்கள் மூவரும் இதே பதிலை, அவரவர் பங்கைப் போட்டு, அவரவர் பக்கத்தில் பதிய வேண்டும். நால்வரில் ஒருவர் வேறு எண்ணை எழுதினால் பங்குகளின் கூட்டுத்தொகை 88 லட்சத்துக்கு ஒத்துவராமல் நால்வரையுமே கேட்கத் தூண்டும், ஆகையால் பத்திர நகலை முன்னால் வைத்துக்கொண்டு ஒரே நாளில் உட்கார்ந்து செய்யுங்கள்.

குறுஞ்செய்தியில் வந்த கேள்விக்கு Pending Actions பகுதியில் உள்ள Compliance Portal வழியாகப் பதில் எழுதும்போது, திருத்திய ரிட்டர்னின் ஒப்புகை எண்ணைக் குறிப்பிட்டு, 13,40,000 ரூபாயின் பிரிவினையை ஆறு வரியில் தொகை வாரியாக எழுதினால் போதும்: திரும்பக் கட்டியது 2,60,000, மகளுக்கு வந்த மொய் 5,70,000, மனைவியுடையது 1,46,000, வீட்டுப் பொருள்கள் 1,80,000, வாடகை 1,44,000, பிப்ரவரி மாத 40,000. மொய் நோட்டை இப்போதே ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டாம்; கேட்கும்போது கொடுக்கலாம். ஆனால் மூல நோட்டை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே கொடுத்துவிடாதீர்கள், அதில் உள்ள பெயர்களுக்கு நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் வேறு இருக்கிறது. பிப்ரவரிப் பணத்தின் வழி தெரிந்ததும் எழுதுங்கள். அந்த ஒரு வரியைத் தவிர மற்றவற்றை நாளையே நிரப்பத் தொடங்கலாம்.